மிச்ச மருந்தும் காலி டப்பாவும்

பூச்சிக்கொல்லி வீட்டில் மிச்சமாகிக் கிடப்பதற்கான காரணம் பெரும்பாலும் கடையில் வாங்கும்போதே தொடங்கிவிடுகிறது. 40 சென்டில் கத்தரி போட்டிருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். கைத்தெளிப்பானில் அடித்தால் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் தேவைப்படும் என்று வைத்தால், 40 சென்டுக்கு 80 லிட்டர். அதாவது 10 லிட்டர் டேங்கில் எட்டு டேங்க். லேபிளில் லிட்டருக்கு 2 மில்லி என்று போட்டிருந்தால் மொத்தம் வேண்டியது 160 மில்லி. கடையில் இருப்பது 100, 250, 500 மில்லி பாட்டில்கள். பெரிய பாட்டிலில் மில்லிக்கு விலை குறைவு என்பதால் 250 மில்லியை வாங்குவார்கள். அடித்து முடித்ததும் 90 மில்லி மிச்சம். அதே நிலத்தில் பாதிக்கு மேல் இன்னொரு முறை அடிக்கப் போதுமான அளவு அது. ஆனால் அடுத்த பூச்சி வரும்போது கடைக்காரர் வேறு மருந்தைத் தருவார். இந்த 90 மில்லி பரணுக்குப் போய்விடும்.

100 மில்லியில் இரண்டு பாட்டில் வாங்கினால் மிச்சம் 40 மில்லிதான். சில ரூபாய் கூடுதலாகும். ஆனால் வருஷக்கணக்கில் ஒரு விஷத்தைப் பூட்டிக் காக்கும் வேலையோடு ஒப்பிட்டால் அந்த ரூபாய் பெரிதல்ல. பக்கத்துக் காட்டிலும் அதே பயிர், அதே பூச்சி என்றால் இரண்டு வீட்டுக்குமாக ஒரு பாட்டில் வாங்கி, ஒரே நாளில் அடித்துத் தீர்த்துவிடலாம். அப்படிப் பகிரும்போது பாட்டில்தான் வரப்பைத் தாண்ட வேண்டும். மருந்தைத் தம்ளரிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றிக் கொடுக்கக்கூடாது.

தண்ணீரில் கலந்துவிட்ட மருந்தின் மிச்சம் தனிச் சிக்கல். அதை நாளைக்கு என்று எடுத்து வைக்க முடியாது. உப்பும் காரமும் மிகுந்த போர் தண்ணீரில் பல மருந்துகள் சில மணி நேரத்திலேயே சிதையத் தொடங்கிவிடும். நாளை அடித்தால் பூச்சி சாகாது. ஆனால் டேங்கில் இருப்பது விஷம் என்பது மட்டும் மாறியிருக்காது. வாய்க்காலில் ஊற்றினால் மீனுக்கும் தவளைக்கும் ஆடு மாடு குடிக்கும் தண்ணீருக்கும் போய்ச் சேரும். கலவை மிஞ்சாமல் பார்த்துக்கொள்ள எளிய வழி, முதல் முறை வெறுந்தண்ணீரை டேங்கில் நிரப்பி வழக்கமான நடையில் அடித்துப் பார்ப்பது. ஒரு டேங்க் எத்தனை பாத்திக்கு வருகிறது என்று தெரிந்துவிட்டால் கடைசி டேங்கை முழுதாகக் கலக்க வேண்டியிருக்காது. அதோடு கடைசிப் பாத்தி ஒன்றை அடிக்காமல் விட்டுவைக்க வேண்டும். டேங்கின் அடியில் தங்கியதும் டேங்கைக் கழுவிய தண்ணீரும் அந்தப் பாத்திக்குத்தான். அடித்த செடியிலேயே திரும்ப ஊற்றினால் அளவு கூடி இலை கருகும். காயிலும் நஞ்சு கூடுதலாகத் தங்கும்.

இந்த விஷயத்தில் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான். பூச்சிக்கொல்லி பாதுகாப்பாகப் போய்ச் சேர்வதற்கென்று இருக்கும் இடம், லேபிளில் எழுதியிருக்கும் பயிர் நிற்கும் நிலம். வீட்டுச் சாக்கடையும் குப்பைக்குழியும் அடுப்பும் அந்த இடமல்ல. வீட்டுக்கு எவ்வளவு குறைவாகத் திரும்பி வருகிறதோ அவ்வளவு குறைவாகத்தான் அதை ஒழிக்கும் தலைவலி இருக்கும்.

வீட்டுக்கு வந்துவிட்டால்

மிச்ச மருந்து வாங்கிய பாட்டிலிலேயே, வாங்கிய மூடியோடு, லேபிளோடு இருக்க வேண்டும். குளிர்பான பாட்டிலுக்கோ காலி மதுபாட்டிலுக்கோ மாற்றிய மருந்தைத் தாகத்தில் எடுத்துக் குடித்தவர்களின் கதை எல்லா ஊரிலும் உண்டு. சில மருந்துகள் தண்ணீர் பட்டதும் பாலாக வெளுக்கும். ஓரிடத்தில் வைத்துவிட்டுத் திரும்பினால் குழந்தைக்கு அது பாலாகவோ மோராகவோதான் தெரியும்.

லேபிளைக் காப்பாற்ற இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு பூச்சிக்கொல்லிப் பாட்டிலிலும் சாய்சதுர வடிவில் ஓர் அடையாளம் இருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறம் நஞ்சின் கடுமையைச் சொல்லும். சிவப்பு மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், நீலம். பச்சை குறைந்த நஞ்சு. சிவப்பில் மண்டை ஓடும் எலும்பும் சேர்ந்திருக்கும். பச்சை என்றால் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அந்த வரிசை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அளவை வைத்துப் போட்டது. பச்சையும் குடிக்கத் தக்கதல்ல. லேபிளில் மருந்தின் வேதிப் பெயரும் நஞ்சு முறிவு பற்றிய குறிப்பும் இருக்கும். யாராவது தவறுதலாகக் குடித்துவிட்டால் மருத்துவர் முதலில் கேட்பது எந்த மருந்து என்பதைத்தான். ஆர்கனோபாஸ்பேட் வகை நஞ்சுக்கு அட்ரோபின் ஊசி உண்டு. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு முறிவு மருந்தே கிடையாது. மருந்தின் பெயர் தெரியாமல் சிகிச்சை இருட்டில்தான் தொடங்கும். அதனால் 108-ஐ அழைத்ததும் பாட்டிலையும் கூடவே எடுத்துக்கொண்டு போக வேண்டும். உப்புத் தண்ணீரும் சோப்புத் தண்ணீரும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் பழக்கத்தை விட வேண்டும். எண்ணெய் கலந்த மருந்து வாந்தியோடு நுரையீரலுக்குள் போனால் ஆபத்து இரட்டிப்பாகும்.

எங்கே வைப்பது என்பதில் பலர் மோட்டார் கொட்டகையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வீட்டுக்கு வெளியே இருக்கிறது, பூட்டும் இருக்கிறது என்பது அதன் வசதி. ஆனால் அது கிணற்றை ஒட்டியே இருக்கிறது. பாட்டில் உடைந்தால் மருந்து நேராகத் தண்ணீருக்குப் போகும். தகரக் கூரை என்றால் சித்திரை வெயிலில் உள்ளே அடுப்பாகக் கொதிக்கும். மாட்டுக்கொட்டகையும் சரிவராது, தவிடும் பருத்திக்கொட்டையும் அங்கேதான் இருக்கும். விதைநெல் மூட்டை, சமையலறை, படுக்கும் அறை எதுவும் ஆகாது. வீட்டின் வெளிப்புறச் சுவரில், வெயில் நேராக விழாத பக்கத்தில், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் பொருத்திய பூட்டுள்ள இரும்புப் பெட்டிதான் பெரும்பாலான வீடுகளுக்குச் சரிப்படும். உள்ளே பொடி மேல்தட்டிலும் திரவம் கீழ்த்தட்டிலும் இருக்க வேண்டும். திரவம் கசிந்தால் பொடி நனையக்கூடாது என்பதுதான் காரணம். களைக்கொல்லியைத் தனியாக ஒதுக்கி வைப்பது நல்லது. அவசரத்தில் கை மாறி எடுத்தால் பூச்சியை விட்டுவிட்டுப் பயிரைத் தீர்த்துவிடும்.

வெப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய மருந்து என்றால் வீரியம் போயிருக்கும், அவ்வளவுதானே என்று நினைப்பது இயல்பு. எல்லா மருந்துக்கும் அது பொருந்தாது. 1976-இல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்காக மாலத்தியான் தெளித்த பணியாளர்கள் பெருமளவில் நஞ்சு பாதிப்புக்கு ஆளாயினர், சிலர் இறந்தனர். மாலத்தியான் பொதுவாகக் குறைந்த நஞ்சுள்ள மருந்து. ஆராய்ந்தபோது அந்த மருந்துச் சரக்கில் ஐசோமாலத்தியான் என்ற பொருள் சேர்ந்திருந்தது தெரிந்தது. சூட்டில் கிடக்கும் மாலத்தியானில் உண்டாகும் இந்தப் பொருள், மாலத்தியானைச் சிதைத்து வெளியேற்றும் உடலின் ஆற்றலையே முடக்கிவிடுகிறது. மருந்து பழசாகி, பூச்சிக்கு அல்லாமல் மனிதருக்கு வீரியம் கூடிப்போன கதை அது. காலாவதித் தேதி தாண்டிய பாட்டிலைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிச் சரிக்கட்டிவிடலாம் என்ற பழக்கம் இதனால்தான் ஆகாது.

தேதி தாண்டாத மருந்தும் கெட்டுப்போகலாம். எண்ணெய்த் தன்மையுள்ள மருந்தில் சில சொட்டை, பிறகு எதற்கும் பயன்படுத்தாத பிளாஸ்டிக் தம்ளர் தண்ணீரில் விட்டால் உடனே பால் போலக் கலக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, தயிராகத் திரிந்து நின்றாலோ அது கெட்டுவிட்டது. அடித்தாலும் ஒரு செடியில் எண்ணெயும் அடுத்த செடியில் தண்ணீரும்தான் விழும். நனையும் பொடி கட்டி தட்டிப்போய் விரலில் உதிராமல் இருந்தாலும் அப்படித்தான். பாட்டில் உப்பியிருந்தால் திறக்கவே வேண்டாம்.

பாட்டில் கீழே விழுந்து மருந்து கொட்டினால் தண்ணீர் விட்டு அலசத்தான் முதலில் கை போகும். அலசினால் ஒரு சாண் கறை ஒரு முற்றம் முழுவதும் பரவும். மேலே உலர்ந்த மண்ணோ சாம்பலோ மரத்தூளோ கொட்டி, உறிஞ்சவிட்டு, கையுறை போட்டு அள்ளி, மூடியுள்ள வாளியில் சேர்க்க வேண்டும்.

பூட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு. கிராமங்களில் மன உளைச்சலில் இருப்பவர் கைக்கு விஷம் எட்டாமல் இருந்தால் உயிர் தப்பும் என்ற எண்ணத்தில், இலங்கையின் அனுராதபுரம் மாவட்டத்தில் வீடுகளுக்குப் பூட்டுப் பெட்டி கொடுத்துப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 2017-இல் வெளியான அதன் முடிவு, பெட்டி கொடுத்த ஊர்களில் நஞ்சு அருந்துவது குறைந்ததற்குச் சான்றில்லை என்பதுதான். சாவி எங்கே இருக்கிறது என்று பெரியவர்களுக்குத் தெரியும் அல்லவா? தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் வேறு விதமாக முயன்றார்கள். மருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஓர் இடத்தில், ஒவ்வொரு விவசாயிக்கும் தனித்தனிப் பூட்டறையில் வைத்து, அடிக்கும்போது மட்டும் எடுத்துப்போகும் ஏற்பாடு அது. பெட்டி குழந்தைகளைக் காக்கும். அந்த அளவில் அது கட்டாயம் வேண்டும். வீட்டில் யாராவது மனம் உடைந்து இருக்கிறார்கள் என்றால் மருந்தை வீட்டை விட்டே அகற்றி நம்பகமான வேறிடத்தில் வைப்பதுதான் சரி.

மூன்று முறை கழுவுதல்

காலி டப்பா உண்மையில் காலி அல்ல. கவிழ்த்த பிறகும் சுவரிலும் கழுத்திலும் மருந்து ஒட்டியிருக்கும். அதை எடுப்பதற்கு உலகெங்கும் சொல்லப்படும் முறை மூன்று முறை கழுவுதல். முதலில் பாட்டிலைத் தெளிப்பான் டேங்கின் மேல் கவிழ்த்து, தாரை நின்று சொட்டாக மாறிய பிறகும் அரை நிமிடம் பிடிக்க வேண்டும். பிறகு கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி, அரை நிமிடம் நன்றாகக் குலுக்கி, அந்தத் தண்ணீரை டேங்கிலேயே ஊற்றி, மறுபடி சொட்டவிட வேண்டும். இதையே இன்னும் இரண்டு முறை. மூடியையும் கழுவி அந்தத் தண்ணீரையும் டேங்கில் சேர்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் டேங்கை 10 லிட்டர் வரை நிரப்ப வேண்டும்.

ஒரேயடியாக நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதாதா என்று கேட்கலாம். அதே கத்தரித் தோட்டத்து 100 மில்லி பாட்டிலை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டேங்குக்கு 20 மில்லி வீதம் ஊற்றினால் ஐந்தாவது டேங்கோடு முதல் பாட்டில் தீர்ந்துவிடும். கவிழ்த்த பிறகு உள்ளே 1 மில்லி ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளலாம். 75 மில்லி தண்ணீரை ஒரே தடவை ஊற்றிக் கொட்டினாலும் பழையபடி 1 மில்லி திரவம் உள்ளே ஒட்டி நிற்கும்; அதில் 76-இல் ஒரு பங்கு மருந்து. அதே 75 மில்லியை 25 மில்லியாக மூன்று முறை ஊற்றினால், முதல் முறைக்குப் பின் 26-இல் ஒரு பங்கு. இரண்டாவதற்குப் பின் 676-இல் ஒரு பங்கு. மூன்றாவதற்குப் பின் 17,576-இல் ஒரு பங்கு. தண்ணீர் அதேதான், பிரித்து ஊற்றியதில் மிச்சம் இருநூறு மடங்குக்கு மேல் குறைகிறது. நடைமுறையில் கணக்கு இவ்வளவு கச்சிதமாக வராது. கழுத்தின் மடிப்பிலும் மூடியின் உள்தக்கையிலும் கொஞ்சம் ஒளிந்திருக்கும். என்றாலும் வித்தியாசம் பெரியது. ஒட்டியிருந்த அந்த மில்லியும் காசு கொடுத்து வாங்கிய மருந்துதான். அது செடிக்குப் போய்ச் சேருகிறது.

இதைச் செய்ய வேண்டிய நேரம் பாட்டில் தீர்ந்த அந்த நிமிடம். சாயங்காலம் வீட்டில் போய்க் கழுவிக்கொள்ளலாம் என்று விட்டால் மருந்து சுவரில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், குலுக்கினாலும் வராது. வீட்டில் கழுவிய தண்ணீரை ஊற்ற டேங்கும் இருக்காது. அது கழுவுதொட்டிக்கோ வாய்க்காலுக்கோ போகும். சரியாகக் கழுவியதற்கு அடையாளம், மூன்றாவது தண்ணீர் வெளுப்பில்லாமல் தெளிவாக வருவதும், உள்ளேயும் கழுத்திலும் கறையோ பொடியோ தெரியாமல் இருப்பதும். தெளிவாக வராவிட்டால் நான்காவது முறையும் கழுவலாம். கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை ஆகியவை அப்போதும் வேண்டும். குலுக்கும்போது மூடி சரியாகப் பிடிக்காமல் முகத்தில் தெறிப்பது நடக்கிற காரியம்.

கழுவியதும் பாட்டிலின் அடியில் ஆணியாலோ கத்தியாலோ ஓட்டை போட்டுவிட வேண்டும். விளக்கெண்ணெய் வைக்கலாம், டீசல் வாங்கலாம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டலாம் என்று எதற்கும் அது மீண்டும் உதவக்கூடாது. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்தில் உள்ள கண்டாமன் கிராமத்துப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமைத்த உணவிலும் எண்ணெயிலும் மோனோகுரோட்டோபாஸ் இருந்ததைத் தடய அறிவியல் ஆய்வு காட்டியது. பூச்சிக்கொல்லி இருந்த கலனில் எண்ணெய் வைக்கப்பட்டிருக்கலாம் என்பதே அப்போது அதிகாரிகளுக்கு எழுந்த முதல் சந்தேகம். கழுவிய டப்பாவையும் ஏன் சமையலறைப் பக்கம் கொண்டுவரக்கூடாது என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பிளாஸ்டிக் கொஞ்சம் மருந்தைத் தனக்குள்ளேயே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பின்னால் எண்ணெய் போன்ற பொருள் பட்டால் மெல்ல வெளியே விடும்.

ஓட்டை போட்ட பிறகு

இங்கேதான் நம் ஊர் ஏற்பாடு பலவீனமாக இருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளில் 44-ஆவது விதி, காலி டப்பாக்களை மீண்டும் பயன்படுத்தும்படி வெளியே விட்டுவைக்கக் கூடாது, உடைத்துக் குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்க வேண்டும் என்கிறது. கண்ணாடிப் பாட்டிலும் தகர டப்பாவும் இருந்த காலத்து விதி அது. பிரேசில் நாட்டில் 2000-ஆம் ஆண்டு வந்த சட்டம் வேறு மாதிரி யோசித்தது. விவசாயி டப்பாவை மூன்று முறை கழுவி, ஓட்டை போட்டு, வாங்கிய ஓராண்டுக்குள் பில்லில் குறிப்பிட்ட இடத்தில் திருப்பித் தர வேண்டும். கம்பெனிகள் அதை எடுத்துப்போய் மறுசுழற்சி செய்ய வேண்டும். கடமையை மூன்றாகப் பிரித்துக் கொடுத்ததால் அங்கே பெரும்பாலான டப்பாக்கள் திரும்பி வருகின்றன. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அப்படித் திரும்பப் பெறும் ஏற்பாடு பரவலாக இல்லை.

இருக்கிற வழிகளில் முதலாவது உரக்கடையில் கேட்பது. கடையோ கம்பெனியோ திரும்ப எடுத்துக்கொண்டால் அதைவிட நல்லது எதுவுமில்லை. இல்லாவிட்டால், கழுவி ஓட்டை போட்ட டப்பாக்களைக் கெட்டியான சாக்கில் சேர்த்து, வெளியே ‘பூச்சிக்கொல்லி டப்பா’ என்று எழுதிக் கட்டி, மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் பூட்டி வைத்து, உள்ளாட்சியிடம் தனிக் கழிவாக ஒப்படைக்கலாம். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பூச்சிக்கொல்லி டப்பாவை வீட்டு அபாயக் கழிவு என்ற வகையில் சேர்த்தன. பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போடக்கூடாது. அங்கிருந்து அது எந்தக் குடமாகவோ வாளியாகவோ திரும்பி வரும் என்று யாருக்கும் தெரியாது. பிரிக்கும் கைகளும் பெரும்பாலும் கையுறை இல்லாத கைகள்தான்.

இரண்டுக்கும் வழியில்லாத ஊரில் எஞ்சுவது புதைப்பதுதான். இன்றைய சர்வதேச வழிகாட்டுதல்கள் அதை விரும்புவதில்லை. பிளாஸ்டிக் மண்ணில் மக்குவதில்லை. மூன்று முறை கழுவியிருந்தால் மட்டுமே அது சகித்துக்கொள்ளத்தக்க வழி. கிணறு, போர், குளம், வாய்க்கால் எல்லாவற்றிலிருந்தும் தள்ளி, தண்ணீர் தேங்காத மேட்டில், நாய் தோண்டாத ஆழத்தில், வெட்டி நசுக்கிப் புதைக்க வேண்டும்.

எரிப்பது இதைவிட மோசம். அடுப்பிலும் சருகுக் குவியலிலும் கிடைக்கும் சூடு மருந்தை முழுதாகச் சிதைக்கப் போதாது. பாதி ஆவியாகப் புகையோடு போகும். குளோரின் கலந்த மருந்தானால் எரிப்பில் டையாக்சின் போன்ற புதிய நஞ்சுகளும் உண்டாகும். பொடி மருந்து வரும் அலுமினியத் தாள் பொட்டலத்துக்கும் இது பொருந்தும். அதன் மேல்பகுதியை முழுதாக வெட்டித் திறந்து, உள்ளே தண்ணீர் விட்டு டேங்கில் அலசி, துண்டாக்கி டப்பாச் சாக்கில் சேர்க்க வேண்டும்.

நகரத்து வீட்டுக்கும் இதில் பங்குண்டு. கரப்பானுக்கு அடிக்கும் அழுத்த டப்பாவுக்கு மட்டும் மேலே சொன்ன விதி தலைகீழாகும். அதைக் கழுவவும் கூடாது, ஓட்டை போடவும் கூடாது, வெயிலிலோ நெருப்பிலோ வைக்கவும் கூடாது. உள்ளே எரியக்கூடிய வாயு அழுத்தத்தில் இருக்கிறது. காற்றோட்டமான இடத்தில் அழுத்தித் தீர்த்துவிட்டு, தனிக் கழிவாகக் கொடுக்க வேண்டும். எலிக்கு வைக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் பசை பற்பசைக் குழாயைப் போலவே இருக்கும். அதைத் தின்றவர் ஓரிரு நாள் நன்றாகத் தெரிவார். பிறகு கல்லீரல் செயலிழக்கும். தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்குத் தடை வந்துவிட்டது. பழைய குழாய் வீட்டில் இருந்தால் வைத்திருக்கக் காரணமே இல்லை.

கடைசியாகப் பரணில் எஞ்சுவது பெயர் அழிந்த பாட்டிலும் தடை செய்யப்பட்ட மருந்தும். எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011-இல் தடை செய்தது. அதற்கு முன் வாங்கிய பாட்டில் இன்னும் இருக்கிற வீடு இருக்கும். இவற்றை அடித்துத் தீர்க்கக்கூடாது, மண்ணில் ஊற்றவும் கூடாது. இத்தகைய மருந்தை முறையாக அழிப்பது உரிமம் பெற்ற நிலையங்களின் உயர்வெப்ப உலைகளில் மட்டுமே முடியும். தமிழ்நாட்டில் அபாயக் கழிவுகளைக் கையாளும் நிலையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. ஆனால் அது தொழிற்சாலைகளை மனத்தில் வைத்து அமைந்தது. அரைப் பாட்டிலோடு ஒருவர் தனியாகப் போய் நிற்க முடியாது. ஊரில் பல வீட்டுப் பழைய மருந்தும் சேர்ந்தால்தான் வேளாண் அலுவலகம் வழியாகவோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழியாகவோ அனுப்ப வழி பிறக்கும். வேளாண் விரிவாக்க மையத்தில் எழுத்தில் கேட்டு வைப்பது அதற்கு முதல் படி. அதுவரை பாட்டிலைத் திறக்காமல், ஒன்றோடு ஒன்று கலக்காமல், மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் வாளியில் நிமிர்த்தி வைத்து, சுற்றிலும் உலர்ந்த மணலை நிரப்ப வேண்டும். கசிந்தாலும் மணல் பிடித்துக்கொள்ளும். வாளியின் மேல் மருந்தின் பெயரும் வாங்கிய ஆண்டும், தெரியாவிட்டால் ‘பெயர் தெரியாத பூச்சிக்கொல்லி’ என்றும் அழியாத மையில் எழுதிப் பூட்டி வைக்க வேண்டும்.